மெதுவாக நுழையும், வேகமாக வெளியேறும்

ஐசியுவிலிருந்து வரும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் சில சமயம் புதிர் போன்ற இரண்டு வரிகளைப் பார்க்கலாம். கிருமியின் பெயர் சூடோமோனாஸ் ஏருஜினோசா. மருந்துகளின் பட்டியலில் இமிபெனெமுக்கு எதிரே 'ரெசிஸ்டன்ட்' என்றிருக்கும். அடுத்த வரியில் மெரோபெனெமுக்கு எதிரே 'சென்சிடிவ்' என்றிருக்கும். இரண்டும் கார்பபெனெம் என்ற ஒரே குடும்பத்து மருந்துகள். ஒன்று கேட்காவிட்டால் மற்றதும் கேட்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இன்னொரு நோயாளியின் ரிப்போர்ட்டில் இதுவே தலைகீழாக, மெரோபெனெம் தோற்று இமிபெனெம் பிழைத்திருக்கும். அது அரிது, ஆனால் உண்டு. பரிசோதனைக்கூடம் தவறு செய்துவிட்டது என்று தள்ளிவிட வேண்டாம். அந்த இரண்டு வரிகளும் கிருமியின் உடலமைப்பைப் பற்றி மிகத் துல்லியமாக ஒன்றைச் சொல்கின்றன.

சூடோமோனாஸ் எங்கும் இருக்கிற கிருமி. ஈர மண்ணிலும், தேங்கிய நீரிலும், மருத்துவமனை வாஷ்பேசினின் வடிகுழாயிலும் வாழும். நல்ல உடல்நிலையில் இருப்பவரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. தீக்காயம் பட்டவர், வென்டிலேட்டரில் இருப்பவர், வெள்ளணுக்கள் குறைந்துபோன புற்றுநோயாளி ஆகியோரிடம்தான் அதன் வேலை. மருந்து எதுவும் பழகாத, மண்ணிலிருந்து இப்போதுதான் எடுத்த சூடோமோனாஸ்கூட நாம் அன்றாடம் பயன்படுத்தும் பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காது. அமாக்சிசிலின், டெட்ராசைக்ளின், கோட்ரைமாக்சசோல் ஆகியவை அதனிடம் செல்லுபடியாவதில்லை. நாம் மருந்தைக் கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அதனிடம் இருந்த இரண்டு ஏற்பாடுகள்தான் இதற்குக் காரணம்.

முதல் ஏற்பாடு புறச்சவ்வு. 1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற மருத்துவர் பெர்லினில் ஒரு சாய முறையை வெளியிட்டார். ஊதாச் சாயத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் பாக்டீரியாக்கள் ஒரு பக்கமும், கழுவினால் விட்டுவிடும் பாக்டீரியாக்கள் மறுபக்கமுமாக இரண்டு பிரிவுகள் கிடைத்தன. சாயத்தை விட்டுவிடுகிற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு ஒன்றுக்கு இரண்டு சவ்வுகள் இருக்கின்றன என்பது பிற்பாடு எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் தெரிந்தது. உள்ளே ஒரு சவ்வு, அதைச் சுற்றிக் குறுகலான ஓர் இடைவெளி, அந்த இடைவெளிக்குள் மெல்லிய செல்சுவர், அதற்கும் வெளியே புறச்சவ்வு.

புறச்சவ்வின் வெளிப்பக்கம் சாதாரணக் கொழுப்பால் ஆனதல்ல. சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய, மின்னேற்றம் கொண்ட கொழுப்பு மூலக்கூறுகள் மெக்னீசியம், கால்சியம் அயனிகளால் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து நிற்கின்றன. கொழுப்பில் கரையும் மருந்துகள் மற்ற சவ்வுகளில் கரைந்து நுழைவதுபோல இதில் எளிதாக நுழைய முடியாது. நீரில் கரையும் மருந்துகளுக்கு ஒரே வழி, சவ்வில் பதிந்திருக்கும் போரின் என்ற புரதத் துளைகள். ஈ.கோலை என்ற குடல் கிருமியின் துளைகளில் சுமார் 600 டால்டன் எடைவரை உள்ள மூலக்கூறுகள் நுழையலாம். வான்கோமைசினின் எடை ஏறத்தாழ 1450 டால்டன். கிராம் நெகட்டிவ் கிருமிகளிடம் அந்த அருமையான மருந்து எடுபடாமல் போவதற்கு இதுவே காரணம்.

சூடோமோனாஸ் இந்த விஷயத்தில் ஈ.கோலையைவிடப் பன்மடங்கு கஞ்சம். அதன் முக்கியமான பொதுத்துளைகளில் பெரும்பாலானவை மூடிய நிலையிலேயே இருக்கின்றன. தனக்கு வேண்டிய உணவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான குறுகிய துளை வைத்து அது உள்ளே எடுத்துக்கொள்கிறது. அவற்றில் ஒன்று ஓபிஆர்-டி. ஆர்ஜினின், லைசின் போன்ற அமினோ அமிலங்களும் அவற்றைக் கொண்ட சிறு பெப்டைடுகளும் நுழைவதற்கான துளை அது. இமிபெனெமின் வடிவம் அந்த அமினோ அமிலங்களின் வடிவத்தை ஓரளவு ஒத்திருப்பதால் அதுவும் அதே துளை வழியாக நுழைந்துவிடுகிறது. மெரோபெனெமும் பெரும்பாலும் அந்த வழியைத்தான் நம்பியிருக்கிறது. இலக்கைச் சேர அவை செல்லின் ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை. செல்சுவரைக் கட்டும் நொதிகள் இரு சவ்வுகளுக்கும் இடையிலான அந்த இடைவெளியை நோக்கியே நிற்கின்றன. புறச்சவ்வைத் தாண்டினால் போதும்.

வெகுகாலம் இந்தக் குறுகிய துளைகளே முழு விளக்கம் என்று எண்ணியிருந்தார்கள். மருந்து நுழைவதில்லை, ஆகவே கிருமி சாவதில்லை என்பது வாதம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஹிரோஷி நிகைடோ இதை எண்ணிக்கையில் சோதித்துப் பார்த்தார். துளையின் அளவு, செல்லின் பரப்பு, மருந்து பரவும் வேகம் மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால், ஈ.கோலையின் இடைவெளிக்குள் சிறிய பீட்டாலாக்டம் மருந்து வெளியிலுள்ள அளவை நெருங்கச் சில நொடிகளே போதும். சூடோமோனாஸில் அது நூறு மடங்கு மெதுவானாலும் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். அந்தக் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரிய அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அப்படியானால் பிரிவதற்கு முன்பே உள்ளே மருந்து நிரம்பி அது செத்திருக்க வேண்டும். சாகவில்லை. மெதுவாக நுழைவது மட்டும் எந்தக் கிருமியையும் காப்பாற்றாது என்பதை அந்தக் கணக்கு தெளிவாகக் காட்டியது. வேறொன்று கூடவே வேலை செய்ய வேண்டும்.

அந்த வேறொன்று 1993இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில், குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் கீத் பூல் குழுவிடம் அகப்பட்டது. அவர்கள் தேடியது மருந்து எதிர்ப்பை அல்ல. இரும்புச்சத்து கிடைக்காத சூழலில் சூடோமோனாஸ் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மரபணுத் தொகுதி கிடைத்தது. அதை நீக்கினால் கிருமி ஒரே சமயத்தில் பல மருந்துகளுக்கு அடங்கிவிட்டது. இன்று மெக்ஸ்-ஏபி என்று அழைக்கப்படும் பம்ப் அதுதான். 1995இல் பூல், நிகைடோ, ஸியான்-ஸி லீ ஆகியோர் எந்த மருந்தும் பழகாத சாதாரண சூடோமோனாஸிலும் இந்த பம்ப் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும், அதன் பிறவி எதிர்ப்பாற்றலில் பெரும்பங்கு இதற்கு உண்டு என்பதையும் காட்டினார்கள்.

ஓட்டையுள்ள தோணியை நினைத்துக்கொண்டால் இந்தக் கூட்டணி சட்டென்று புரியும். ஓட்டை பெரிதாக இருந்தால் எவ்வளவு வேகமாக நீரை இறைத்தாலும் தோணி மூழ்கும். ஓட்டை சிறிதாக இருந்து யாரும் இறைக்காவிட்டாலும் கொஞ்சம் தாமதமாக மூழ்கும். சின்ன ஓட்டையும் இறைக்கும் கையும் சேர்ந்தால்தான் தோணி மிதக்கிறது. சூடோமோனாஸின் குறுகிய துளையையும் பம்பையும் தனித்தனியாக எடைபோட்டால் இரண்டும் அற்பமாகத் தெரியும். சேர்த்துப் பார்க்கும்போது விளைவு கூட்டலாக இல்லாமல் பெருக்கலாகிவிடுகிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு பெரிய குழப்பத்தைத் தீர்த்த இடம் வேறில்லை.

பம்பின் கட்டமைப்பிலேயே இந்தக் கூட்டணி தெரிகிறது. அது மூன்று புரதங்களால் ஆனது. உட்சவ்வில் பதிந்து நின்று மருந்தைப் பிடிப்பது மெக்ஸ்-பி. புறச்சவ்வைத் துளைத்துக்கொண்டு வெளியே திறக்கும் நீண்ட குழாய் ஓபிஆர்-எம். இரண்டையும் இணைத்துப் பிடிப்பது மெக்ஸ்-ஏ. மூன்றும் சேர்ந்து இரு சவ்வுகளையும் ஒரே குழாயாகத் தாண்டுகின்றன. வெளியேற்றப்படும் மருந்து இடைவெளியில் விழுவதில்லை, நேராகச் செல்லுக்கு வெளியே போய்விடுகிறது. திரும்ப வர வேண்டுமானால் அந்தக் குறுகிய துளையில் மறுபடி முதலிலிருந்து முயல வேண்டும்.

மருந்தை அது எப்படிப் பிடிக்கிறது என்பது 2006இல் தெளிவானது. மெக்ஸ்-பியின் நெருங்கிய இணையான ஈ.கோலையின் ஏசிஆர்-பி என்ற புரதத்தின் படிக அமைப்பை ஜப்பானில் முரகாமியின் குழுவும், ஐரோப்பாவில் மற்றொரு குழுவும் வெளியிட்டன. இந்தப் புரதம் ஒரே மாதிரியான மூன்று துண்டுகள் சேர்ந்தது. ஆனால் எந்த நொடியிலும் மூன்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஒன்று வாய் திறந்து மருந்துக்காகக் காத்திருக்கும், இரண்டாவது மருந்தைத் தன் குழிக்குள் இறுகப் பற்றியிருக்கும், மூன்றாவது அதை மேலே குழாய்க்குள் தள்ளிக்கொண்டிருக்கும். பிறகு ஒவ்வொன்றும் அடுத்த நிலைக்கு மாறும். இதற்கான ஆற்றல் ஏடிபியிலிருந்து வருவதில்லை. உட்சவ்வின் வெளிப்புறம் குவிந்திருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் உள்நோக்கிப் பாயும்போது கிடைக்கும் விசையே இதை ஓட்டுகிறது.

அந்தக் குழி அகலமானது, கொழுப்புத்தன்மை கொண்டது, பக்கங்களில் பலவகைப் பிடிமானங்கள் உள்ளது. அதனால்தான் ஒன்றுக்கொன்று எந்த வேதியுறவும் இல்லாத மருந்துகள் எல்லாம் அதில் அகப்படுகின்றன. மெரோபெனெம், அஸ்ட்ரியோனாம், சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிக்கால் எல்லாமே மெக்ஸ்-ஏபியின் வழியாக வெளியே போகும். கிருமிநாசினி சோப்புகளில் சேர்க்கப்பட்டுவந்த ட்ரைக்ளோசானும் அப்படியே. ஆனால் இமிபெனெமை மட்டும் அது பிடிப்பதில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த புதிருக்கான சாவி இதுதான், அதற்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

சூடோமோனாஸின் மரபணு முழுமையாகப் படிக்கப்பட்டது 2000இல். இதே வகையைச் சேர்ந்த பம்புகள் பன்னிரண்டு அதில் இருப்பது தெரிந்தது. எல்லாம் எப்போதும் ஓடுவதில்லை. மெக்ஸ்-ஏபி குறைந்த அளவில் எப்போதும் ஓடும். அது மிகையாக உற்பத்தியாகாமல் மெக்ஸ்-ஆர் என்ற புரதம் அடக்கிவைக்கிறது. மெக்ஸ்-ஆரின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து பிசகினாலும் அந்த அடக்கம் போய்விடலாம், பம்புகளின் எண்ணிக்கை பெருகிவிடும். பல மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒரே நாளில் உயர்வது இப்படித்தான். வெளியிலிருந்து எந்த மரபணுவும் வந்து சேர வேண்டியதில்லை. ஒரு மில்லிலிட்டர் சளியில் கோடிக்கணக்கில் இருக்கும் கிருமிகளில் ஒன்றிரண்டுக்கு இப்படிப்பட்ட பிசகு ஏற்கெனவே நேர்ந்திருக்கும். மருந்து கொடுக்கும்போது மற்றவை செத்து அவை எஞ்சும்.

இதில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது மெக்ஸ்-ஈஎஃப் என்ற இன்னொரு பம்ப். சாதாரண நிலையில் அது உறங்கிக் கிடக்கிறது. அதை எழுப்பும் புரதத்தின் பெயர் மெக்ஸ்-டி. அந்தப் புரதம் மெக்ஸ்-ஈஎஃப்பை முடுக்கிவிடும் அதே வேளையில் ஓபிஆர்-டி துளையின் உற்பத்தியையும் குறைத்துவிடுகிறது. ஒரே பொத்தான், இரண்டு விளைவுகள்.

இது நோயாளியின் படுக்கையருகில் எப்படி நடக்கும் என்று பார்ப்போம். சிறுநீர்க்குழாய் போடப்பட்ட முதியவர் ஒருவருக்குக் காய்ச்சல். கல்ச்சர் எடுக்காமலே சிப்ரோஃப்ளாக்சசின் தொடங்கப்படுகிறது. நம் ஊரில் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே அதை வாங்கி விழுங்கியவர்களும் ஏராளம். அவர் உடலில் இருந்த சூடோமோனாஸில் மெக்ஸ்-ஈஎஃப் விழித்துக்கொண்ட சில கிருமிகள் சிப்ரோஃப்ளாக்சசினை இறைத்து வெளியே விட்டுப் பிழைக்கின்றன. கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவை எம்.ஐ.சி. என்பார்கள். அது லிட்டருக்குச் சுமார் 0.25 மில்லிகிராமிலிருந்து 2 மில்லிகிராம் அளவுக்கு ஏறினாலே மருந்து கைவிட்டுவிடும். பத்து நாள் கழித்து அவர் நிமோனியாவோடு வென்டிலேட்டருக்கு வருகிறார். இப்போது கடைசித் துணை என்று இமிபெனெமைக் கொடுக்கிறார்கள். வாழ்நாளில் அவர் அந்த மருந்தைத் தொட்டதே இல்லை. ஆனாலும் அது வேலை செய்வதில்லை. சிப்ரோஃப்ளாக்சசினைத் தாங்கியபோதே அதன் நுழைவழியும் அடைபட்டுவிட்டது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். துளை குறைவது மட்டுமே இமிபெனெமைத் தோற்கடிப்பதில்லை. இடைவெளியில் ஆம்ப்-சி என்ற நொதி சிறிதளவு எப்போதும் இருக்கிறது, இமிபெனெமை அது மிக மெதுவாகச் சிதைக்கும். தாராளமாக மருந்து நுழையும்போது அந்த மெதுவான சிதைவால் ஒன்றும் ஆகாது. துளை அடைபட்டு மருந்து சொட்டுச் சொட்டாக வரத் தொடங்கியதும் அந்தச் சோம்பேறி நொதியே போதுமானதாகிவிடுகிறது. பம்ப் செய்யும் வேலையை இங்கே நொதி செய்கிறது. கணக்கு அதே பெருக்கல் கணக்குதான்.

இப்போது அந்த ரிப்போர்ட்டைப் படிப்பது எளிது. ஓபிஆர்-டி துளை போய்விட்டால் இமிபெனெமின் எம்.ஐ.சி. சுமார் 1 அல்லது 2 மில்லிகிராமிலிருந்து 8, 16 என்று தாவிவிடும். மெரோபெனெமும் பாதிக்கப்படும், ஆனால் அது தொடங்கிய இடமே தாழ்ந்தது. அரை மில்லிகிராமிலிருந்து 2 அல்லது 4க்குப் போய் எல்லைக்கோட்டருகில் நின்றுவிடும். இமிபெனெம் ரெசிஸ்டன்ட், மெரோபெனெம் சென்சிடிவ் என்று வந்தால் துளை போயிருக்கிறது என்று பொருள். மெக்ஸ்-ஏபி பம்ப் பெருகியிருந்தால் நேர்மாறு: மெரோபெனெம் வெளியேறும், பம்ப் பிடிக்காத இமிபெனெம் அப்படியே இருக்கும். பெரும்பாலும் அஸ்ட்ரியோனாமும் சிப்ரோஃப்ளாக்சசினும் கூடவே பின்வாங்கியிருக்கும். இரண்டு மாற்றங்களும் சேர்ந்தால் இரண்டு கார்பபெனெம்களும் போய்விடும்.

ஆனால் இரண்டும் போன ரிப்போர்ட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. விஐஎம், என்டிஎம் போன்ற நொதிகள் கார்பபெனெமையே உடைத்துவிடும். அந்த மரபணுக்கள் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை என்பதால் வார்டு முழுவதையும் கவனிக்க வேண்டியிருக்கும். பம்பா, துளையா, நொதியா என்று பிரித்தறிய விலை குறைந்த ஒரு சோதனை இருக்கிறது. நோயாளியின் கிருமியைக் கொஞ்சம் திரவ ஊடகத்தில் கரைத்து, அதில் மெரோபெனெம் தோய்ந்த ஒரு சிறு காகிதத் தட்டை நான்கு மணி நேரம் ஊறப்போடுவார்கள். பிறகு அந்தத் தட்டை எடுத்து, மருந்துக்கு அடங்கும் ஈ.கோலை பூசிய தட்டில் வைப்பார்கள். மறுநாள் காகிதத்தைச் சுற்றி ஈ.கோலை செத்து வெற்றிடம் தெரிந்தால் மருந்து உயிரோடிருக்கிறது, ஆகவே நொதி இல்லை. ஈ.கோலை காகிதத்தின் விளிம்புவரை வளர்ந்திருந்தால் மருந்தை ஏதோ தின்றிருக்கிறது. பம்பும் துளையும் மருந்தை உடைப்பதில்லை என்ற ஒரு வித்தியாசத்தையே இந்தச் சோதனை பயன்படுத்திக்கொள்கிறது. சூடோமோனாஸில் இரண்டு கார்பபெனெமும் தோற்ற எந்த ரிப்போர்ட்டோடும் இந்த முடிவும் சேர்ந்தே வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மருந்தைத் தேர்ந்தெடுப்பதே இதைப் பொறுத்திருக்கிறது.

பம்பையே அடைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி இயல்பானது. 2001இல் கலிஃபோர்னியாவின் மைக்ரோசைட் நிறுவனத்தில் ஓல்கா லோமொவ்ஸ்காயாவின் குழு அப்படிப்பட்ட ஒரு சேர்மத்தை வெளியிட்டது. பம்ப் பெருகிய சூடோமோனாஸில் லெவோஃப்ளாக்சசினின் எம்.ஐ.சி.யை அது 64 மடங்குவரை குறைத்தது. பரிசோதனைக் குழாயில் அற்புதம். ஆனால் அந்த வகைச் சேர்மங்களின் நச்சுத்தன்மை, குறிப்பாகச் சிறுநீரகத்தில் அவை செய்யும் கேடு, அவற்றை நோயாளியிடம் கொண்டுவர விடவில்லை. கிருமியின் பம்பைத் தடுக்கும் மருந்து எதுவும் இன்றுவரை சிகிச்சைக்கு வரவில்லை. சிரமம் எங்கே என்றால், பம்பின் குழி எதையும் பிடிக்கும் அகலமானது. அதில் இறுகச் சிக்கும் மூலக்கூறு கொழுப்புத்தன்மையும் மின்னேற்றமும் சேர்ந்ததாக இருக்க வேண்டியிருக்கிறது. அத்தகைய மூலக்கூறுகள் நம் செல்களையும் விட்டுவைப்பதில்லை.

ஆகவே பம்பை எதிர்க்காமல் சுற்றிப்போகும் மருந்துகளே இதுவரை வென்றிருக்கின்றன. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃப்டலோசேனை இந்தப் பம்புகள் சரிவரப் பிடிப்பதில்லை, அதற்கு ஓபிஆர்-டி துளையும் வேண்டியதில்லை. 2019இல் வந்த ரெலிபாக்டம் இமிபெனெமோடு சேர்த்துக் கொடுக்கப்படுவது. அது ஆம்ப்-சி நொதியை முடக்குகிறது. துளை அடைபட்டபடியே இருந்தாலும், சொட்டுச் சொட்டாக வரும் இமிபெனெம் சிதையாமல் தேங்கி வேலை செய்துவிடும். அதே ஆண்டு வந்த, ஜப்பானின் ஷியோனோகி நிறுவனத்துத் தயாரிப்பான செஃபிடெரகோல் இரும்பைப் பற்றிக்கொள்ளும் மருந்து. கிருமி தனக்கு இரும்பு வேண்டி ஆற்றல் செலவழித்து உள்ளே இழுக்கும் வழியில் அதுவும் இழுக்கப்படுகிறது. துளையில் தானாகப் பரவி நுழைவதில்லை என்பதால் நுழையும் வேகம் பம்பின் வேகத்தை மிஞ்சிவிடுகிறது. அந்த இரும்பு வழியைக் கைவிட்டுப் பிழைக்கும் கிருமிகளும் ஏற்கெனவே காணப்பட்டுவிட்டன.

இவை எல்லாம் விலை மிகுந்தவை, எல்லா மருத்துவமனையிலும் கிடைப்பவை அல்ல. கையில் மெரோபெனெம் மட்டுமே இருக்கும் இடத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பம்பாலும் துளையாலும் வரும் எதிர்ப்பு பெரும்பாலும் நான்கு, எட்டு மடங்கு அளவிலானது, நொதியால் வருவதுபோல நூறு மடங்கல்ல. எம்.ஐ.சி. 4 மில்லிகிராமில் நிற்கும் சூடோமோனாஸை எட்டிப் பிடிக்க இன்னும் இடமிருக்கிறது. மெரோபெனெம் கொல்லும் ஆற்றல் அது எவ்வளவு உச்சத்துக்கு ஏறுகிறது என்பதைப் பொறுத்ததல்ல, எம்.ஐ.சி.க்கு மேலே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அரைமணி நேரத்தில் ஏற்றிவிடும் மருந்து வேகமாக உச்சம் தொட்டு வேகமாக இறங்கிவிடும். அதனால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 கிராம் மெரோபெனெமை, ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம் சொட்டவிட்டு ஏற்றுகிறார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும், வலிப்பு வரும் அபாயம் உள்ளவரைக் கவனமாகப் பார்க்க வேண்டும். கரைத்த மெரோபெனெம் அறை வெப்பத்தில் வெகுநேரம் தாங்காது என்பதால் நர்ஸ் ஒவ்வொரு பாட்டிலையும் ஏற்றுவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும்.